பூமியின் நடுவில் உறையும் இரும்பு

பூமியின் மையத்தில் வெப்பம் சூரியனின் மேற்பரப்பில் இருக்கும் அளவுக்கு, அதாவது 5,500 டிகிரி செல்சியஸை ஒட்டி, இருக்கிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் இரும்பு. நம் ஊர் வார்ப்படச் சாலைகளில் இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிக் குழம்பாகிவிடும். ஆனால் அதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் சூடான பூமியின் உள்கரு உருகவில்லை. 1,220 கிலோமீட்டர் ஆரம் கொண்ட திண்மக் கோளமாக, நிலவில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவில், இறுகிக் கிடக்கிறது.

இன்னொரு விந்தை. அந்தத் திண்மக் கோளத்தைச் சுற்றியிருக்கும் வெளிக்கரு அதைவிட வெப்பம் குறைந்தது. ஆனால் அது திரவம். சூடு குறைந்த இடத்தில் இரும்பு உருகி ஓடுகிறது, சூடு மிகுந்த இடத்தில் இறுகி நிற்கிறது.

போகவே முடியாத ஓர் இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்வது எப்படி? மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் போட்டது, 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. உள்கருவின் விளிம்போ 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து செய்தி கொண்டுவருபவை நிலநடுக்க அலைகள் மட்டுமே.

பெரிய நிலநடுக்கம் வந்தால் இரண்டு வகை அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. ஒன்று, போகும் திசையிலேயே பொருளை அழுத்தியும் தளர்த்தியும் செல்லும் முதன்மை அலை. இது திண்மம், திரவம் இரண்டிலும் போகும். மற்றொன்று, பொருளைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் குறுக்கலை. திரவத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எதிர்த்து நிற்பதில்லை, வழிந்துவிடுகிறது. அதனால் குறுக்கலை திரவத்துக்குள் நுழைய முடியாது. 1926இல் பிரிட்டனின் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ், பூமியின் கரு திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டினார்.

கரு முழுவதுமே திரவம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. திரவக் கரு அலைகளை வளைத்துவிடுவதால், நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுகளில் ஒரு நிழல் வளையம் விழ வேண்டும். அந்த வளையத்துக்குள் இருக்கும் நிலையங்களுக்கு நேரடி அலைகள் வந்து சேராது. 1929 ஜூனில் நியூசிலாந்தின் தென் தீவில் முர்ச்சிசன் என்ற இடத்தை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பதிவுகளை டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்தார். நிழலில் இருக்க வேண்டிய தொலைதூர நிலையங்களின் பதிவுகளில், வரவே கூடாத சிறு அலைகள் தெரிந்தன. கணினி இல்லாத காலம். ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளில், நிலநடுக்கங்களின் நேரங்களையும் அலைகள் வந்த கணக்கையும் எழுதிய அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவர் வேலை செய்ததை உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த அலைகளுக்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. திரவக் கருவுக்குள் இன்னொரு கோளம் இருக்கிறது, அதில் பட்டு அலைகள் திரும்புகின்றன. 1936இல் லேமன் இதை வெளியிட்டார். அதற்குள் இருப்பது திண்மமா என்பதை அவர் முடிவு செய்யவில்லை. அழுத்தத்தில் உறைந்த இரும்பாக அது இருக்கலாம் என்று 1940இல் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் பிர்ச் சொன்னார். அதற்கு வலுவான சான்று கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. மிகப்பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதுமே பல நாட்கள் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வின் கால அளவுகளை 1971இல் ஜீவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது, உள்கரு திண்மமாக இருந்தால் மட்டுமே அந்த எண்கள் ஒத்துவந்தன.

சரி, திண்மம்தான். ஆனால் ஏன்?

பதில் அழுத்தத்தில் இருக்கிறது. உள்கருவின் விளிம்பில் அழுத்தம், நாம் வாழும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 33 லட்சம் மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் 3,300 டன்னுக்கும் அதிகமான பளு ஏறி உட்கார்ந்தது போன்றது அது. நடுமையத்தில் இது 36 லட்சம் மடங்காகிறது. பூமியின் மையத்தில் ஈர்ப்புவிசை பூஜ்ஜியம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். எடையே இல்லாத இடத்தில் அழுத்தம் எப்படி? மையத்தில் இருக்கும் பொருளுக்கு எடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6,371 கிலோமீட்டர் தடிமனுக்குப் பாறையும் இரும்பும் இருக்கின்றன. அவை அத்தனையும் உள்நோக்கியே இழுக்கப்படுகின்றன. அந்த நெருக்கல் முழுவதும் நடுவில்தான் வந்து சேர்கிறது.

வீட்டுச் சமையலறையில் இதன் சிறு பதிப்பு ஒன்று தினமும் நடக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கரின் மூடிய அழுத்தத்துக்குள் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. நீராவியாக விரிய இடம் வேண்டும், அழுத்தம் அந்த இடத்தைத் தர மறுக்கிறது. இரும்பு உருகுவதிலும் இதே கதைதான். திண்ம இரும்பில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு நெருங்கி நிற்கின்றன. உருகும்போது அந்த ஒழுங்கு குலைந்து, ஒவ்வொரு அணுவும் அசைய இடம் கேட்கிறது. அதனால் உருகிய இரும்பு கொஞ்சம் கூடுதல் இடத்தை அடைக்கும். வெளியிலிருந்து அழுத்தம் ஏற ஏற, குறைந்த இடத்தில் அடங்கும் வடிவமே வெல்கிறது. அணுக்களை அந்த அடுக்கிலிருந்து பெயர்த்தெடுக்க மேலும் மேலும் வெப்பம் தேவைப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், அழுத்தம் கூடினால் உருகுநிலையும் கூடுகிறது. ஆழத்தில் இரும்பு தன் அடுக்கு முறையையே மாற்றிக்கொள்கிறது. அறையில் உள்ள இரும்பில் ஓர் அணுவுக்கு எட்டு அணுக்கள் மிக நெருங்கிய அண்டைகள். உள்கருவின் நிலையில், பன்னிரண்டு அண்டைகள் கொண்ட மிக நெருக்கமான அறுகோண அடுக்கு உருவாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எவ்வளவு கூடுகிறது என்பதுதான் பல ஆண்டுகள் நீடித்த சர்ச்சை. இதை அளக்க வைரப் பட்டடை என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். கூர்முனை மழிக்கப்பட்ட இரண்டு வைரங்களை எதிரெதிரே வைத்து, நடுவில் தலைமுடியின் பருமனைவிடச் சிறிய இரும்புத் துணுக்கை இடுக்கித் திருகுவார்கள். வைரம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், அதன் வழியாகவே லேசரைப் பாய்ச்சி இரும்பைச் சூடாக்கலாம். எந்த வெப்பத்தில் உருகுகிறது என்று பார்த்தால் போதும். ஆனால் அந்தத் துணுக்கு உருகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சிக்கல் அங்கேதான் வந்தது.

1993இல் ஜெர்மனியின் ராய்ன்ஹார்ட் பேலர், துணுக்கின் மேற்பரப்பில் அசைவு தெரிவதை உருகுதலின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அந்த அளவீடுகளை உள்கரு விளிம்பின் அழுத்தத்துக்கு நீட்டிக் கணித்தபோது, இரும்பின் உருகுநிலை ஏறத்தாழ 4,600 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. அதிர்ச்சி அலைகளால் இரும்பைத் தாக்கிச் செய்த வேறு சோதனைகளோ இதைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாகக் காட்டின. இரண்டில் எது சரி?

2013இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் ஆய்வகத்தில் சிமோனே அன்செலீனியின் குழு இதைத் தீர்க்க முயன்றது. அவர்கள் மேற்பரப்பைப் பார்க்கவில்லை. துணுக்கின் ஊடே வலிமையான எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்தைப் பார்த்தார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் எக்ஸ் கதிர்கள் கூர்மையான கோடுகளாகச் சிதறும். உருகிவிட்டால் கூர்மை போய், மங்கலான பட்டை ஒன்று தோன்றும். ஒவ்வொரு படமும் ஒரு நொடிக்குள் எடுக்கப்பட்டதால், துணுக்கு கெட்டுப்போவதற்குள் முடிவு தெரிந்தது. முந்தைய சோதனை உருகுநிலை என்று சொன்ன வெப்பத்தில் இரும்பு உருகவில்லை. அதன் படிகங்கள் வேகமாகத் தம்மைத் தாமே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தன. மேற்பரப்பில் தெரிந்த அசைவு அதுதான். உண்மையான உருகுதல் அதற்கு மேலே நடந்தது. அன்செலீனி குழுவின் அளவீடுகளை 33 லட்சம் மடங்கு அழுத்தத்துக்கு நீட்டினால், தூய இரும்பு உருக ஏறத்தாழ 6,000 டிகிரி செல்சியஸ் தேவை. இதில் 500 டிகிரி வரை கூடலாம், குறையலாம்.

பூமியின் கரு தூய இரும்பு அல்ல. அதில் கொஞ்சம் நிக்கல் இருக்கிறது. சிலிக்கன், ஆக்சிஜன், கந்தகம், கார்பன் போன்ற இலேசான தனிமங்களும் கலந்திருக்கின்றன. நிலநடுக்க அலைகளின் வேகத்திலிருந்து கணக்கிட்டால், வெளிக்கரு அதே நிலையில் இருக்கும் தூய இரும்பைவிடக் கிட்டத்தட்ட 10 சதவீதம் இலேசாக இருப்பது தெரிகிறது. கலப்பு இருந்தால் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்துத்தான், உள்கருவின் விளிம்பில் வெப்பம் 5,000 முதல் 6,000 டிகிரிக்குள் இருக்கும் என்கிறார்கள். அந்த விளிம்பு, திரவமும் திண்மமும் சந்திக்கும் இடம். எனவே அங்கே இருக்கும் வெப்பமும் அந்தக் கலவையின் உருகுநிலையும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

அழுத்தத்தால் உருகுநிலை ஏறுகிறது என்பது பாதி விடைதான். ஆழம் போகப் போக வெப்பமும்தானே ஏறுகிறது? அப்படியிருக்க நடுவில் மட்டும் உறைவானேன்? 1953இல் ஜான் ஜேக்கப்ஸ் இதற்கு விடை சொன்னார். ஆழத்தோடு சேர்ந்து ஏறும் இரண்டு அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். ஒன்று, அந்தந்த ஆழத்தில் உண்மையில் இருக்கும் வெப்பம். வெளிக்கரு எப்போதும் கலங்கிப் புரண்டுகொண்டிருப்பதால், அதன் வெப்பம் எங்கும் கலந்துவிடுகிறது. கீழே போகும் திரவம் நெருக்கப்படுவதால் மட்டும் கொஞ்சம் சூடேறுகிறது. அதனால் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். இன்னொன்று, அந்தந்த ஆழத்துக்கான உருகுநிலை. இது வேகமாக ஏறும். 2,890 கிலோமீட்டர் ஆழத்தில், கரு தொடங்கும் இடத்தில், வெப்பம் உருகுநிலைக்கு மேலே இருக்கிறது. அதனால் அங்கே திரவம். கீழே இறங்க இறங்க உருகுநிலை துரத்திக்கொண்டு வருகிறது. 5,150 கிலோமீட்டரில் வெப்பத்தைப் பிடித்துவிடுகிறது. அதற்குக் கீழே உருகுநிலை முன்னால் போய்விடுகிறது. அங்கே எவ்வளவு சூடு இருந்தாலும் உருகுவதற்கு அது போதாது.

உள்கரு வளர்வதற்கும் இதுவே காரணம். பூமி பிறந்தபோது கரு முழுவதும் திரவமாக இருந்தது. அப்போது நடுமையத்தில்கூட வெப்பம் உருகுநிலைக்கு மேலே இருந்தது. கருவின் வெப்பம் கவசப் பாறைகளின் வழியே மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் மையத்தின் வெப்பம் உருகுநிலைக்குக் கீழே இறங்கியது. அங்கே முதல் படிகம் தோன்றியது. அதன்பின் வெப்பம் இறங்க இறங்க, இரண்டு அளவுகளும் சந்திக்கும் இடம் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்கிறது. நகர்ந்த அளவுக்கு உள்கரு பெருக்கிறது.

வேகம் எவ்வளவு? கரு 100 கோடி ஆண்டுகளில் 100 டிகிரி அளவுக்குக் குளிர்வதாக ஒரு பொது மதிப்பீடு உண்டு. அதாவது ஒரு டிகிரி குறைய ஒரு கோடி ஆண்டு. உள்கருவின் ஆரம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கூடுகிறது. ஒரு கோடி ஆண்டில் இது 5 முதல் 10 கிலோமீட்டர். ஒரே ஒரு டிகிரி குறைந்தால் விளிம்பு இத்தனை தூரம் நகர்கிறது. இரண்டு கோடுகளும் மிகச் சிறிய கோணத்தில் வெட்டிக்கொள்வதுதான் காரணம். ஒன்றைக் கொஞ்சம் இறக்கினாலும் சந்திப்புப் புள்ளி வெகுதூரம் தள்ளிப்போகும்.

ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். கோளத்தின் பரப்பைக் கணக்கில் எடுத்தால்தான் அளவு புரியும். 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு கோடியே 87 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் படிந்தால் 1,870 கோடி கன மீட்டர் ஆகிறது. அங்கே ஒரு கன மீட்டர் இரும்பு 12 டன்னுக்கு மேல் எடை இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 24,000 கோடி டன், நொடிக்குச் சுமார் 7,500 டன். அரை மில்லிமீட்டர் கணக்கு என்றால் இதில் பாதி. உலகின் எஃகு ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் தயாரிப்பது 200 கோடி டன்னுக்கும் குறைவு.

இப்படி இரும்பு உறையும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. உருகுவதற்கு வாங்கிய வெப்பத்தை, உறையும்போது இரும்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுத்து, படிக அடுக்குக்குள் இலேசான தனிமங்களுக்கு இடம் குறைவு. அவற்றில் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டுத் திரவத்தில் மேலேறுகிறது. இந்த வெப்பமும் மேலேறும் இலேசான திரவமும் சேர்ந்து வெளிக்கருவைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. மின்சாரத்தைக் கடத்தும் அந்தத் திரவ இரும்பின் ஓட்டத்திலிருந்துதான் பூமியின் காந்தப்புலம் பிறக்கிறது. திசைகாட்டியின் முள் வடக்கே திரும்புவதற்குப் பின்னால் இந்த உறைதல் இருக்கிறது.

அதே காந்தப்புலம்தான் உள்கருவின் வயதைத் தேடவும் துப்புக் கொடுக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதிலுள்ள காந்தத் துகள்கள் அந்தக் காலத்துக் காந்தப்புலத்தைப் பதிவு செய்துகொள்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் செப்டில் என்ற இடத்துப் பாறைகள் 56.5 கோடி ஆண்டுகள் பழையவை. அவற்றை ஆராய்ந்த ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு, அப்போதைய காந்தப்புலம் இன்று இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தது என்று 2019இல் அறிவித்தது. அணையப்போன காந்தப்புலத்துக்கு, அந்தக் காலத்தை ஒட்டி உறையத் தொடங்கிய உள்கரு புத்துயிர் கொடுத்தது என்பது அவர்கள் வாதம். வேறு பாறைகளை ஆராய்ந்தவர்கள் உள்கருவுக்கு 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது கொடுக்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும், 450 கோடி ஆண்டு வயதான பூமியில் உள்கரு பின்னால் பிறந்த பிள்ளைதான்.

முதல் படிகம் எப்படித் தோன்றியது என்பதில் ஒரு முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. ஒரு திரவம் உருகுநிலைக்குக் கீழே போனவுடனே உறைந்துவிடாது. சில அணுக்கள் தற்செயலாகச் சரியான அடுக்கில் கூடி, ஒரு விதை உருவாக வேண்டும். தூசியோ பாத்திரத்தின் சுவரோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விதை எளிதில் உருவாகும். பூமியின் மையத்தில் சுவர் ஏது? மிகத் தூய நீரைச் சிறு துளிகளாக வைத்தால், மைனஸ் 35 டிகிரிக்குக் கீழும் உறையாமல் நிற்கும். 2018இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுடோவிக் ஹ்யூகேயும் சகாக்களும் இதை இரும்புக்குக் கணக்கிட்டார்கள். சுவர் இல்லாத இடத்தில் தூய இரும்பு தானாக உறைய வேண்டுமென்றால், உருகுநிலைக்கு ஏறத்தாழ 1,000 டிகிரி கீழே குளிர வேண்டும் என்று விடை வந்தது. கரு அவ்வளவு குளிர்ந்திருக்கவே முடியாது. அப்படிக் குளிர்ந்திருந்தால் இன்றைக்கு உள்கரு இதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்திருக்கும்.

இந்த முரண்பாட்டுக்கு வழி, இரும்போடு கலந்திருக்கும் இலேசான தனிமங்களில் இருக்கலாம் என்று தேடுகிறார்கள். கணினியில் இரும்புக் கலவையை உறைய வைத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வாளர்கள், கார்பன் கலந்தால் விதை விரைவில் உருவாகிறது என்று 2025இல் வெளியிட்டார்கள். சிலிக்கனும் கந்தகமும் அதற்கு நேர்மாறாக உறைதலைத் தாமதப்படுத்தின. ஆக, உள்கரு என்ற ஒன்று இருக்கிறது என்பதே, கருவில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதற்கு ஒரு தடயமாகிறது.

திண்மம் என்றவுடன் குளிர்ந்த இரும்புக் குண்டைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. உள்கரு தன் உருகுநிலையை ஒட்டியே இருப்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லக் குழையக்கூடியது. அதற்குள் குறுக்கலைகள் போகும் வேகத்தை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹ்ர்வோயே கால்சிச்சும் அவருடைய சகாவும் 2018இல் அளந்தார்கள். பழைய மாதிரிகள் சொன்னதைவிட அது குறைவாக இருந்தது. திண்மம்தான், ஆனால் எதிர்பார்த்ததைவிட மென்மையானது.

இப்படியே வளர்ந்துகொண்டு போனால் வெளிக்கரு முழுவதும் உறைந்து, காந்தப்புலம் நின்றுவிடாதா என்று கேட்கலாம். கருவின் மொத்த எடையில் இதுவரை உறைந்திருப்பது சுமார் இருபதில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 24,000 கோடி டன் என்ற அதே வேகம் நீடித்தாலும், மீதி உறைய 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உறைய உறைய மிச்சத் திரவத்தில் இலேசான தனிமங்கள் செறிந்து உருகுநிலை இன்னும் இறங்குவதால், உண்மையில் இதைவிடவும் காலம் பிடிக்கும். சூரியன் எரிபொருள் தீர்ந்து பூதாகரமாக விரிய இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள்தான் இருக்கின்றன. பூமியின் கரு முழுதாக உறைவதற்கு முன்பே சூரியனின் கணக்கு முடிந்துவிடும்.